வலி குறைந்த அந்த ஆறு மணி நேரம்: அல்சர் வெடித்த நோயாளியைக் காத்திருக்க வைத்தால் வழக்கு நிற்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. முழங்கால் வலிக்கு ஒரு வருடமாக வலி மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் இரவு 8 மணிக்கு மேல்வயிற்றில் கத்தியால் குத்தினாற்போல் வலி. 9.15-க்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ‘கேஸ் டிரபிள்’ என்று ஊசி போட்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். நள்ளிரவில் வலி கொஞ்சம் குறைந்ததும், காலையில் ஸ்கேன் பார்க்கலாம் என்றார்கள். விடிந்தபோது வயிறு உப்பி மூச்சு வாங்கியது. 10 மணிக்கு எக்ஸ்ரே எடுத்து, குடலில் ஓட்டை என்றார்கள். முன்பணம் கட்ட வேண்டும், அண்ணன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி, ஆபரேஷன் ஆரம்பிக்கும்போது பிற்பகல் 2.30. ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். ‘வலி குறைந்ததால்தான் காத்திருந்தோம்’ என்கிறார்கள். 14 மாதம் ஆகிறது. இனி வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ‘வலி குறைந்ததால் காத்திருந்தோம்’ என்று மருத்துவமனை சொல்வதுதான் உங்கள் வழக்கின் மையம். அதை அவர்களே எழுத்தில் தந்தால் உங்களுக்கு நல்லதே.

காரணத்தைப் புரிந்துகொள்ள, அந்த இரவு வயிற்றுக்குள் நடந்ததை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அல்சர் புண் இரைப்பையின் சுவரையோ முன்சிறுகுடலின் சுவரையோ முழுவதும் அரித்து ஓட்டையாகும் அந்த நொடியில், உள்ளே இருக்கும் அமிலமும் பித்தநீரும் வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. வயிற்றறையின் உள்சவ்வு வெந்துபோகிறது. அதனால்தான் வலி ‘சரியாக எட்டு மணிக்கு’ என்று நேரம் சொல்லும் அளவுக்குத் திடீரென்று வருகிறது. நோயாளி புரண்டு துடிக்க மாட்டார். அசைந்தால் வலிக்கும் என்பதால் முழங்காலை மடக்கி அசையாமல் கிடப்பார். வயிற்றுத் தசைகள் தாமாகவே இறுகி, கை வைத்துப் பார்த்தால் பலகையைத் தொடுவதுபோல் இருக்கும். சிலருக்குத் தோள்பட்டையிலும் வலி இருக்கும்.

இரண்டாவது கட்டம்தான் ஆளை ஏமாற்றுவது. சில மணி நேரம் போனதும் சவ்விலிருந்து ஊறும் நீர் அமிலத்தை நீர்க்கச் செய்கிறது. வலி தணிகிறது. நோயாளி ‘இப்போது பரவாயில்லை’ என்பார், வீட்டாரும் மூச்சு விடுவார்கள். ஆனால் வயிற்றின் இறுக்கம் போகாது. குடல் அசைவின் சத்தம் நின்றிருக்கும். கல்லீரல் இருக்கும் இடத்தைத் தட்டினால் மந்தமாகக் கேட்க வேண்டும். அங்கே காற்று சேர்ந்திருப்பதால் வெற்றுச் சத்தம் வரலாம். இந்தக் கட்டத்தைப் பற்றி அறுவை சிகிச்சைப் பாடத்தில் மாணவனாக இருக்கும்போதே எச்சரிக்கிறார்கள். ஆகவே வலி குறைந்தது என்பது காத்திருக்கக் காரணமாகாது. அந்த நேரத்தில் யாராவது வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

தோராயமாகப் பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் மூன்றாவது கட்டம். ரசாயன எரிச்சலாகத் தொடங்கியது கிருமித் தொற்றாக மாறி, வயிறு உப்பி, நாடி வேகமெடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் குறைகிறது. உங்கள் அப்பா விடியற்காலையில் இருந்த நிலை இதுதான்.

சட்டத்தில் உங்கள் வழக்கை இரண்டு தாமதங்களாகப் பிரித்து வாதாட வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மனு எழுதிவிடுகிறார்கள். அப்போது எதிர்த்தரப்பு பலவீனமான பாதியைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் உடைக்கும்.

முதல் தாமதம் இரவு 9.15 முதல் காலை 10 வரை, நோயைக் கண்டுபிடிக்காத தாமதம். இதில் நீதிமன்றம் கேட்பது: சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழலில் என்ன செய்திருப்பார்? 61 வயது, நீண்ட காலமாக வலி மாத்திரை, திடீர் மேல்வயிற்று வலி என்று மூன்றும் சேர்ந்து வந்தால், முதலில் நினைக்க வேண்டிய நோய்களில் அல்சர் ஓட்டை ஒன்று. செய்ய வேண்டிய சோதனையும் பெரியதல்ல: நிமிர்த்தி உட்கார வைத்து, சில நிமிடம் விட்டு, ஒரு மார்பு எக்ஸ்ரே. உதரவிதானத்துக்கு அடியில் பிறை நிலா போலக் காற்று தெரிந்தால் முடிவு கிடைத்துவிடும். தெரியாவிட்டாலும் ஓட்டை இல்லை என்று ஆகாது; ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காற்று தெரியாமல் போகலாம். அப்போது சி.டி. ஸ்கேன் வேண்டும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்ற வாதமே அரைகுறைதான். உங்கள் விஷயத்தில் எக்ஸ்ரே இரவு எடுக்கவே இல்லை.

மருத்துவமனை நல்ல வழக்கறிஞரை வைத்தால் ஒரு புத்திசாலித்தனமான வாதம் வரும்: ‘சில ஓட்டைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சை இல்லாமல் பார்ப்பதும் அங்கீகரிக்கப்பட்ட முறை’ என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த முறைக்கு முதலில் நோயைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். மூக்கு வழியாகக் குழாய் போட்டு இரைப்பையைக் காலி செய்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, கசிவு நின்றதா என்று பார்த்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பரிசோதித்து, மோசமானால் உடனே தியேட்டருக்குக் கொண்டுபோக ஆள் தயாராக இருக்க வேண்டும். கேஸ் என்று ஊசி போட்டுத் தூங்க வைத்தவர்கள் பிறகு அந்த முறையின் பெயரைச் சொல்லி ஒதுங்க முடியாது. வயதானவர்களுக்கு அந்த முறை சரிவருவதும் குறைவு.

இரண்டாவது தாமதம் காலை 10 முதல் 2.30 வரை. இதற்கு மருத்துவ நிபுணர்கூட அவ்வளவாகத் தேவையில்லை. ஒன்று மட்டும் நியாயமாக விட்டுக்கொடுக்க வேண்டும்: ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவரை நேராகக் கத்திக்குக் கீழ் வைக்க முடியாது. திரவம் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, சிறுநீர்க் குழாய் போட்டுத் தயார் செய்ய ஓரிரு மணி நேரம் ஆகலாம். அதைத் தாமதம் என்று எழுதாதீர்கள். மீதமுள்ள நேரம் பணத்துக்கும் கையெழுத்துக்கும் காத்திருந்தது என்றால், அது தனிக் குற்றச்சாட்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சை தருவதே முதல் கடமை என்பதை உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டு பரமானந்த் கட்டாரா தீர்ப்பில் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனைக்கு மட்டுமல்ல, எல்லா மருத்துவர்களுக்கும் அது பொருந்தும்.

அண்ணன் கையெழுத்து விஷயம் இன்னும் எளிது. அப்பா நினைவோடு இருந்தாரென்றால் ஒப்புதல் தர வேண்டியவர் அவர்தான். 2008-ஆம் ஆண்டு சமீரா கோலி தீர்ப்பில், சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் நினைவிழந்திருந்தாலும், ஒப்புதல் தரக்கூடியவர் உடனே கிடைக்காத நிலையில் நல்லெண்ணத்தோடு அவர் நன்மைக்காகச் செய்யும் சிகிச்சைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு மருத்துவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தவிர, நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். மகனோ மகளோ நிற்கும்போது இன்னொருவர் வரட்டும் என்று காத்திருக்கச் சட்டத்தில் எங்கும் இடமில்லை.

அடுத்து ஆவணம். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பதிவுத் தபாலில் கேளுங்கள். ‘டிஸ்சார்ஜ் சம்மரி’ மட்டும் தந்து அனுப்புவார்கள். அது பின்னால் உட்கார்ந்து எழுதும் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது முழுக் கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, நாடி-ரத்த அழுத்த அட்டவணை, திரவக் கணக்கு, மருந்து அட்டை, எக்ஸ்ரே படம், மயக்க மருந்துக் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு.

இவற்றில் இரண்டு இடங்களை முதலில் படியுங்கள். ஒன்று, நள்ளிரவுக் குறிப்பு. அங்கே வயிறு பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஒன்றுமே இல்லையென்றால் அது மிக வலுவான சாட்சியம். ‘வயிறு மென்மையாக உள்ளது’ என்றிருந்தால், பக்கத்தில் செவிலியர் எழுதிய நாடியைப் பாருங்கள். நாடி இரவு முழுவதும் ஏறிக்கொண்டே போயிருந்தால் அந்த வரியைக் குறுக்கு விசாரணையில் வைத்துப் பிடிக்கலாம். இன்னொன்று, ஆபரேஷன் குறிப்பு. அறுவை செய்தவர் உள்ளே கண்டதை எழுதியிருப்பார்: ஓட்டை எவ்வளவு பெரியது, வயிற்றறையில் எத்தனை லிட்டர் திரவம், தெளிந்த பித்தநீரா சீழா, குடல்மேல் வெள்ளைப் படலம் ஒட்டியிருந்ததா. சீழும் படலமும் இருந்தால் பல மணி நேரத்துக்கு முன் வெடித்த ஓட்டை என்று மருத்துவமனையின் சொந்த அறுவை நிபுணரே கையெழுத்திட்டுத் தந்தது போலாகும். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை என்று வருந்துபவர்கள் இந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

‘முன்பே செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார்’ என்பது அவர்களின் கடைசி அரண். இதற்கு டென்மார்க்கில் 2,668 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வை உங்கள் நிபுணர் எடுத்து வைக்கலாம்: முதல் 24 மணி நேரத்தில், அறுவை தள்ளிப்போகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு முந்தைய மணியைவிட 2.4 சதவீதம் குறைந்ததோடு தொடர்பு காணப்பட்டது. இது கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா கட்டாயம் பிழைத்திருப்பார் என்று அது சொல்லாது. ஆனால் நுகர்வோர் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது அதிகம் சாத்தியம் என்று காட்டினால் போதும். சேர்ந்தபோது ரத்த அழுத்தம் சரியாக இருந்து, பெரிய இதய நோயோ சிறுநீரக நோயோ இல்லாமல், வலி தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்தில் வந்தவர் என்பதை முதல் பக்கத்திலேயே நிறுவுங்கள். அதிர்ச்சி நிலை, பெரிய இணைநோய், ஒரு நாள் கழித்து வருவது ஆகிய மூன்றுதான் மரண அபாயத்தைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் அளவுகோல்.

பணம் கட்டிச் சிகிச்சை பெற்றதால் நீங்கள் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். இறந்தவரின் சட்டப்பூர்வ வாரிசுகள் புகார் தரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. மரண நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து எண்ணி அதற்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஐந்து நாள் வித்தியாசத்துக்காகப் பிறகு வாதாட வேண்டாம்.

போலீஸ் புகார் வேண்டுமா என்று யாராவது தூண்டுவார்கள். 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மாத்யூ தீர்ப்புக்குப் பின், குற்ற வழக்குக்கு சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் வேண்டும்; சார்பற்ற மருத்துவக் கருத்தும் வேண்டும். முதல் தாமதம் அந்த அளவுக்கு எட்டுவது கடினம். நோய் உறுதியான பிறகு பணத்துக்காக நிறுத்தி வைத்தார்கள் என்பதற்கு முன்பண ரசீதின் நேரமும் தியேட்டருக்குள் கொண்டுபோன நேரமும் சாட்சி சொன்னால் மட்டும் அதை யோசிக்கலாம். ஆகவே அந்த ரசீதைத் தேடி எடுத்து வைத்துவிட்டு, ஆவணங்கள் கேட்கும் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.