ஒரு சார்ஜுக்கு எத்தனை யூனிட், கிலோமீட்டருக்கு என்ன செலவு?

“அண்ணா, இந்த நாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு பழைய மின்சாரக் கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை சார்ஜ் போட எத்தனை யூனிட் ஆகும்? பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு நிஜமாகவே செலவு குறையுமா?”

தம்பி, வாடகை வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் பெரிய விஷயம். எந்தக் கார் என்பதைவிட, அதற்கு எங்கே சார்ஜ் போடப்போகிறீர்கள் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும். முதலில் யூனிட்டைப் பார்த்துவிடலாம்.

மின்சாரக் கட்டண ரசீதில் வரும் 1 யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. பேட்டரியின் அளவையும் அதே அலகில்தான் சொல்வார்கள். ஆனால் விளம்பரத்தில் போடும் அளவு முழுவதையும் ஓட்டப் பயன்படுத்த முடியாது. பேட்டரியைப் பாதுகாக்கக் கொஞ்சத்தைக் கார் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும். திரையில் தெரியும் சதவீதம் மீதி அளவுக்கானது. நீங்கள் பார்த்த காரில் பயன்படுத்தக்கூடிய அளவு 60 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். யாரும் தினமும் பூஜ்யத்திலிருந்து 100 வரை ஏற்றுவதில்லை. 20 சதவீதத்தில் செருகி 80-ல் எடுத்தால், உள்ளே போனது 60-ல் 60 சதவீதம், அதாவது 36 யூனிட்.

ஆனால் ரசீதில் 36 வராது. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு நேர்திசை மின்சாரம் வேண்டும். அதை மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது, மாற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். சார்ஜ் ஏறும் நேரம் முழுக்கக் காரின் கணினியும் பம்பும் வேறு விழித்திருக்கும். சுவரில் சார்ஜர் பெட்டி பொருத்திய வீட்டில் இந்த இழப்பு ஏறக்குறைய 10 சதவீதம் என்று கொள்ளலாம். 36-ஐ 0.9-ஆல் வகுத்தால் 40 யூனிட். நீங்கள் காசு கொடுப்பது இந்த நாற்பதுக்கு.

சாதாரண சுவர் பிளக்கில் மெதுவாக ஏற்றினால் இழப்பு இன்னும் கூடும். காரின் கணினிக்கு மணிக்கு மணி தேவைப்படும் மின்சாரம் ஏறக்குறைய ஒரே அளவுதான். 6 மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை 18 மணி நேரம் இழுத்தால், அதுவும் மூன்று மடங்கு நேரம் ஓடும். மலிவான வழி என்று பலர் நினைப்பதுதான் யூனிட்டை அதிகம் தின்கிறது.

அடுத்தது தூரம். திரையில் kWh/100 km என்று ஒரு எண் இருக்கும். அது 16 என்றால், 36 யூனிட்டுக்கு 225 கிலோமீட்டர். அந்த எண் பேட்டரியிலிருந்து வெளியே போனதை மட்டும் கணக்கில் எடுக்கும், சார்ஜ் இழப்பு அதில் சேராது. சுவரிலிருந்து பார்த்தால் 40 யூனிட்டுக்கு 225 கிலோமீட்டர், ஆக 100 கிலோமீட்டருக்கு 17.8 யூனிட். (மைல் கணக்கு நாடுகளில் mi/kWh என்று தலைகீழாகக் காட்டும், அங்கே எண் பெரிதாக இருந்தால்தான் நல்லது.)

இனி காசு. நாட்டுக்கு நாடு, மாதத்துக்கு மாதம் விலை மாறும் என்பதால் நான் எப்போதும் ஒரு விகிதம் போட்டுத்தான் பார்ப்பேன். ஒரு லிட்டர் பெட்ரோலை 100 காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒப்பிடும் பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கிறது, அதாவது லிட்டருக்குச் சுமார் 14 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 700 காசு. வீட்டு மின்சாரம் யூனிட் 20 காசு என்றால், 17.8 யூனிட்டுக்கு 356 காசு. கிலோமீட்டருக்கு 7 காசு ஆகும் இடத்தில் 3.6 காசு. பாதிதான்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். வாடகை வீட்டில் பிளக் இல்லை, சாலையோர வேகச் சார்ஜரையே நம்பவேண்டும் என்றால்? அங்கே மின்சாரத்தை மாற்றும் வேலை சார்ஜர் பெட்டியிலேயே முடிந்துவிடும், பெரும்பாலும் காருக்குள் இறங்கிய யூனிட்டுக்குத்தான் பில் வரும். அதனால் உங்கள் பக்கத்து இழப்பு குறைவு. 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் என்று கொள்ளுங்கள். ஆனால் விலை வீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேலே இருப்பது சாதாரணம். யூனிட் 45 காசு என்றால் 765 காசு. பெட்ரோலைவிட அதிகம்! அதே கார், அதே சாலை.

இதிலிருந்து ஒரு எல்லைக்கோடு கிடைக்கிறது. 7-ஐ 17.8-ஆல் வகுத்தால் 0.39. ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டரின் விலையில் 39 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மின்சாரக் கார் மிச்சம், மேலே போனால் நஷ்டம். ஒப்பிடுவது ஹைப்ரிட் காராக, 100 கிலோமீட்டருக்கு 4.5 லிட்டர் குடிப்பதாக இருந்தால் அந்தக் கோடு 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நண்பர்கள் பாதிச் செலவு என்று சொல்லும்போது எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டும் கலந்தால் சராசரி விலை போடவேண்டும். நூற்றில் 80 யூனிட் வீட்டிலோ அலுவலகத்திலோ 20 காசுக்கும், 20 யூனிட் வெளியே 45 காசுக்கும் ஏற்றினால், சராசரி 25 காசு. ஹைப்ரிட்டோடு ஏறக்குறைய சமம், சாதாரண பெட்ரோல் காரைவிட நன்றாகவே குறைவு.

ரசீதைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். இங்கே மின்சாரத்தின் விலை, கம்பிக் கட்டணம், வரி என்று தனித்தனி வரிகளில் வருவது உண்டு. யூனிட்டோடு சேர்ந்து ஏறுகிற எல்லாத் தொகைகளையும் கூட்டுங்கள். மாதாமாதம் வரும் நிலைக்கட்டணத்தைச் சேர்க்கவேண்டாம், கார் இல்லாவிட்டாலும் அதைக் கட்டத்தான் போகிறீர்கள். இரவுக்குக் குறைந்த விலைத் திட்டம் இருந்தால், பகல் யூனிட் விலை அதில் கூடுகிறதா என்றும் பாருங்கள். சில திட்டங்களில் கார் மிச்சம்பிடித்ததைச் சமையலறை தின்றுவிடும்.

அப்புறம் குளிர்காலம். பெட்ரோல் எஞ்சினின் வீணாகும் வெப்பமே உள்ளே சூடு கொடுக்கும். மின்சாரக் காரில் சூட்டுக்கும் பேட்டரிதான். 16 என்று காட்டிய கார் கடுங்குளிரில் 22 காட்டினால் பழுது என்று பயப்படவேண்டாம். சுவரிலிருந்து 24.4 யூனிட், வீட்டு விலையில் 489 காசு. பெட்ரோல் காரும் குளிரில் 8 லிட்டர் குடிக்கும் என்றால் அது 800 காசு, ஆகவே வீட்டுச் சார்ஜ் தாங்கும். வேகச் சார்ஜரில் 1000 காசைத் தாண்டிவிடும். பக்கத்துக் கடைக்குப் போய் வரும் குட்டிப் பயணங்களில் இன்னும் மோசம், ஒவ்வொரு முறையும் உறைந்த காரை முதலிலிருந்து சூடாக்கவேண்டும்.

வாங்கிய பிறகு திரையை மட்டும் நம்பாமல், ஒரு மாதத்துக்குச் சார்ஜர் காட்டும் யூனிட்டையும் ஓடிய கிலோமீட்டரையும் குறித்து வகுத்துப் பாருங்கள். திரை எண்ணைவிட 10, 15 சதவீதம் கூடினால் இயல்பு. 25-ஐத் தாண்டினால், மெதுவான பிளக், நிறுத்தியிருக்கும்போதும் ஓடும் கேமரா, புறப்படும் முன் உள்ளே சூடேற்றும் வசதி, இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

யூனிட்டுக்குப் பதில் நிமிடத்துக்குக் காசு வாங்கும் சார்ஜர்களும் உண்டு. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும், நிமிடம் மட்டும் அதே வேகத்தில் ஓடும். அந்த மாதிரி இடத்தில் 80 வந்ததும் பிடுங்கிவிடுங்கள்.