ஒரு பத்திக்கு ஓர் ஆய்வு என்ற பட்டியலைக் கருப்பொருள் மீளாய்வாக மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். வகுப்பில் மடிக்கணினியில் குறிப்பெடுப்பதா, கையால் எழுதுவதா என்பதுதான் என் தலைப்பு. "இது பட்டியல், மீளாய்வு இல்லை" என்று வழிகாட்டி என் ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வு அத்தியாயத்தைத் திருப்பிவிட்டார். பத்திகளை எந்த வரிசையில் மாற்றி அடுக்குவது?

பதில்: வரிசையை மாற்றுவதால் பட்டியல் மறையாது. பழைய அத்தியாயத்தைத் தனியே வைத்துவிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு கிடைவரிசை. நெடுவரிசைத் தலைப்பாக வருவது கேள்வியாக இருக்க வேண்டும், அதுவும் ஆய்வுகள் வேறு வேறு பதில் சொல்லக்கூடிய கேள்வியாக. "நினைவாற்றல்" என்று தலைப்பிட்டால் கட்டத்தில் சுருக்கம்தான் விழும். "திரும்பப் படிக்க வாய்ப்புக் கொடுத்தால் யார் முந்துகிறார்கள்?" என்று கேட்டால் பதில் விழும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். முல்லர் - ஓப்பன்ஹைமர், புய் குழு, மோர்ஹெட் குழு, உர்ரி குழு என நான்கு ஆய்வுகள், மூன்று கேள்விகள் போதும். எழுதிய குறிப்பு எப்படி இருந்தது? தேர்வு எப்போது நடந்தது, அதற்கு முன் குறிப்பைப் படித்தார்களா? எதை எதோடு ஒப்பிட்டார்கள்?

முதல் நெடுவரிசையில் முல்லர், ஓப்பன்ஹைமர் (2014) ஆய்வும் உர்ரி குழுவின் (2021) ஆய்வும் ஒரே பதிலைச் சொல்கின்றன: மடிக்கணினிக்காரர்கள் அதிகச் சொற்களை எழுதுகிறார்கள், பேசியதை அப்படியே எடுத்தெழுதுவதும் அவர்களிடம் அதிகம். அதனால் கற்றல் குறைகிறதா என்றால் இரண்டும் பிரிகின்றன. 2014 ஆய்வு கருத்தைச் சோதிக்கும் கேள்விகளில் கையெழுத்து முந்தியதாகக் கண்டது. அதன் முதல் சோதனையைத் திரும்பச் செய்த 2021 ஆய்வில் அந்த முன்னிலை கிடைக்கவில்லை.

இரண்டாம் நெடுவரிசையில் புய் குழு (2013) வருகிறது. கணினியில் சொல்லுக்குச் சொல் எழுதியவர்கள் உடனடித் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். 24 மணி நேரம் தள்ளி, திரும்பப் படிக்காமல் எழுதியபோது, ஒழுங்குபடுத்திக் குறிப்பெடுத்தவர்கள் முந்தினார்கள். படிக்கவிட்டால் மீண்டும் சொல்லுக்குச் சொல் எழுதியவர்கள் பக்கம் சாய்ந்தது. 2014 ஆய்விலோ ஒரு வாரம் கழித்து, படிக்க வாய்ப்புக் கொடுத்தபோதும் கையெழுத்தே முந்தியது.

இங்கே முரண் தெரிகிறது. மூன்றாம் நெடுவரிசைக்குப் போனால் அதன் காரணமும் ஓரளவு தெரிகிறது: இந்த இடத்தில் புய் குழு ஒப்பிட்டது இரண்டு எழுதும் முறைகளை, இரண்டும் கணினியில். முல்லரும் ஓப்பன்ஹைமரும் ஒப்பிட்டது இரண்டு கருவிகளை. உங்கள் அத்தியாயத்தின் மையக் கருப்பொருள் அதுதான்: விளைவு கருவியினுடையதா, எழுதும் முறையினுடையதா? ஆய்வுகளைத் தனித்தனிப் பத்தியில் வைத்திருந்தவரை இந்தக் கேள்வி எழவே வழியில்லை.

கேள்வி: நான் ஏற்கெனவே கருப்பொருள்படிதான் பிரித்திருக்கிறேன். அளவுசார் ஆய்வுகள் ஒரு பகுதி, பண்புசார் ஆய்வுகள் ஒரு பகுதி. இது சரிதானே?

பதில்: பாதி சரி. முறையின் வேறுபாடுதான் முடிவுகளின் வேறுபாட்டை விளக்குகிறது என்று காட்ட முடிந்தால் அந்தப் பிரிவு வேலை செய்யும். இல்லையென்றால் அது இரண்டு அலமாரி. உள்ளே பழைய பட்டியல் அப்படியே இருக்கும். சோதிப்பது எளிது. ஒரு பத்தியில் இரண்டு ஆய்வுகளின் இடத்தை மாற்றிப் படியுங்கள். வாதம் கெடாமல் ஓடினால் அங்கே வாதமே இல்லை, அடுக்கு மட்டும்தான்.

கேள்வி: எல்லா முடிவுகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதைத்தானே சொல்கிறீர்கள்? எனக்குப் புள்ளியியல் அவ்வளவாக வராது.

பதில்: அது மெட்டா அனாலிசிஸ், வேறு வேலை. இங்கே எண்களைக் கூட்ட வேண்டியதில்லை. ஆனால் "மூன்று ஆய்வு ஆம், இரண்டு இல்லை, ஆகவே ஆம்" என்று தலை எண்ணிவிடவும் கூடாது. சிறிய மாதிரியில் விளைவு புலப்படாமல் போவது சாதாரணம். அந்த "இல்லை"யைப் பெரிய ஆய்வின் "இல்லை"க்குச் சமமாக வைக்க முடியாது.

கேள்வி: என்னிடம் 60 கட்டுரைகள், அட்டவணையில் 14 நெடுவரிசைகள். பாதிக் கட்டங்கள் காலி. எங்கே தப்பு?

பதில்: நெடுவரிசைகளைக் கட்டுரைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருப்பீர்கள், அதனால் ஒரு கட்டுரைக்கு மட்டும் பொருந்தும் தலைப்புகள் சேர்ந்துவிட்டன. ஒரே ஒரு கட்டம் நிரம்பிய நெடுவரிசையை முதலில் எடுங்கள். அது கருப்பொருள் அல்ல, ஓர் ஆய்வின் சுருக்கம். அடுத்து, எப்போதும் சேர்ந்தே நிரம்பும் இரண்டு நெடுவரிசைகளை ஒன்றாக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நாலைந்தில் வந்து நிற்கும்.

மிஞ்சும் காலிக் கட்டங்களை அழிக்க வேண்டாம். பல ஆய்வுகள் தொட்டிருக்க வேண்டிய கேள்வியில் வரிசையாகக் காலி என்றால் அங்கேதான் உங்கள் ஆய்வு இடைவெளி இருக்கலாம். ஆனால் நீங்கள் சரியாகத் தேடாததாலும் காலியாக இருக்கலாம். இடைவெளி என்று எழுதுமுன் அந்தக் கேள்விக்கென்றே இன்னொரு முறை தேடுங்கள்.

கேள்வி: ஒரே ஆய்வு மூன்று பகுதிகளில் வந்தால் கூறியது கூறல் ஆகாதா?

பதில்: ஆகாது, ஒவ்வொரு இடத்திலும் வேறு முடிவை எடுத்தாண்டால். ஆய்வின் அமைப்பை முதல் இடத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பிறகு அந்த இடத்துக்கு வேண்டிய முடிவை மட்டும் எடுங்கள்.

கேள்வி: எங்கள் துறையில் ஒவ்வோர் ஆய்வின் மாதிரி அளவு, கருவி எல்லாம் எழுதியே ஆக வேண்டும் என்கிறார்கள். கருப்பொருளில் எழுதினால் அந்த விவரம் போய்விடுகிறதே மேடம்.

பதில்: நியாயமான கவலை. முழு விவரத்தையும் ஓர் அட்டவணையில் வைத்து, முடிவு ஏன் மாறியது என்று காட்டும் விவரத்தை மட்டும் உரையில் வைப்பது என் பழக்கம். மோர்ஹெட் குழு (2019) குறிப்பே எடுக்காத ஒரு குழுவையும் சேர்த்துக்கொண்டது வாதத்துக்கு வேண்டும், அது உரையில் வரும். பங்கேற்றவர்களின் வயது வேண்டாம். அட்டவணையை ஏற்காத தேர்வாளர்களும் இருக்கிறார்கள். துறைக்குத் துறை இது மாறுவதால் உங்கள் துறையின் அண்மை ஆய்வேடு இரண்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் மேடம். ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: "எழுதும் முறை குறித்துப் பல ஆய்வுகள் உள்ளன. முல்லர், ஓப்பன்ஹைமர் (2014) ஆராய்ந்தனர். புய் குழு (2013) ஆராய்ந்தது. உர்ரி குழு (2021) மீண்டும் ஆராய்ந்தது."

பதில்: பத்தி சுருங்கி வாக்கியமாகியிருக்கிறது, பட்டியல் அப்படியே நிற்கிறது. எழுவாயைப் பாருங்கள்: முதல் வாக்கியத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஆய்வாளர் பெயர். முதல் வாக்கியமும் யாரும் மறுக்க முடியாதது. அதனால் அடுத்த வாக்கியத்துக்கு வேலை கொடுக்கவில்லை. எழுவாயாகக் கண்டுபிடிப்பை வையுங்கள், பெயர்கள் அடைப்புக்குறிக்குள் போகட்டும்:

"சொல்லுக்குச் சொல் எழுதுவது எப்போதும் தீங்கு என்று சொல்ல முடியவில்லை. கணினியிலேயே இரு முறைகளை ஒப்பிட்டபோது, உடனடித் தேர்வில் அது உதவியது. திரும்பப் படிக்காமல் ஒரு நாள் கடந்தால் அந்த நன்மை மறைந்தது (புய் குழு 2013). கருவிகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் மடிக்கணினிக்காரர்கள் அப்படி எழுதியது தெளிவு. அதுவே மதிப்பெண்ணைக் குறைத்ததா என்பதில் முதல் ஆய்வும் (முல்லர், ஓப்பன்ஹைமர் 2014) அதைத் திரும்பச் செய்த ஆய்வும் (உர்ரி குழு 2021) உடன்படவில்லை."

இதில் 2013-ஐயும் 2021-ஐயும் இடம் மாற்றிப் பாருங்கள், வாக்கியம் உடையும். மோர்ஹெட் குழுவை இந்தப் பத்தியில் சேர்ப்பதா, அடுத்ததில் வைப்பதா என்பதை அட்டவணையின் மூன்றாம் நெடுவரிசையைப் பார்த்து நீங்களே முடிவு செய்துவிட்டு எழுதி அனுப்புங்கள்.