சனிக்கிழமை கட்டும் வாடகை

கோலாலம்பூரில் சொந்தப் பாட்டு வாசிக்கும் ராக் குழுக்களுக்கு, பிறர் பாட்டை வாசிக்கும் கவர் பேண்டுகளால் என்ன லாபம்?

மேடை வாடகையைக் கட்டுவதே அவர்கள்தான். பார் முதலாளிக்கு வருமானம் நுழைவுச்சீட்டில் இல்லை, பானத்திலும் சாப்பாட்டிலும்தான். தெரிந்த பாட்டு கேட்டால் கூட்டம் மூன்றாவது செட் வரை உட்காரும், இன்னொரு ஜக் சொல்லும்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். சனிக்கிழமை 100 பேர், தலைக்கு 60 ரிங்கிட் என்றால் 6,000. சரக்குச் செலவு பாதி போனால் மிச்சம் 3,000. கவர் பேண்டுக்கு 1,500 கொடுத்தாலும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் 1,500 நிற்கும். ஞாயிறு சொந்தப் பாட்டுக் குழு, அதாவது நாங்கள். 30 பேர், எல்லாம் நண்பர்கள், ஆளுக்கு ஒரு டின். தலைக்கு 30 என்றால் 900, செலவு போக 450. சவுண்ட் பார்ப்பவருக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். டிரம்ஸும் மிக்ஸரும் சனிக்கிழமைக்காக ஏற்கெனவே அங்கே இருப்பதால்தான் எங்களால் வாசிக்க முடிகிறது. எங்கள் டிரம்மரும் சனிக்கிழமை கவர் வாசித்துத்தான் கார் தவணை கட்டுகிறார்.

ஒரே பிரபலக் குழுவின் பாட்டுகளை மட்டும் வாசிக்கும் டிரிபியூட் குழு கொஞ்சம் வேறு: சீட்டு முன்கூட்டியே விற்கும், ஆனால் ஒரே ஊரில் வாராவாரம் விற்காது.

இதில் ஆபத்தும் உண்டு. முதலாளி ஞாயிறையும் கவருக்கே கொடுத்துவிடலாம். "எத்தனை பேரைக் கூட்டி வருவீங்க?" என்று அவர் கேட்க ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள்.