தட்டில் தண்ணீர் இருந்தும் எறும்பு எப்படி வருகிறது?

கேள்வி: சர்க்கரை டப்பா, வெல்லம், தேன் பாட்டில், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றிய தட்டில்தான் வைத்திருக்கிறேன். மூடியையும் இறுக்கித்தான் மூடுகிறேன். அப்படியும் இரண்டு நாளைக்கு ஒருமுறை உள்ளே எறும்பு. ஊறுகாயைச் சுற்றிப் பொடி ஈக்கள் வேறு. மருந்து அடிக்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மருந்து அடிக்காமல் இருந்தீர்களே, அதுவே பாதி வேலை. சாப்பாட்டுப் பொருள் பக்கத்தில் அடிக்கக் கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், சில வகைச் சிற்றெறும்புகள் ஸ்பிரே பட்டதும் கூட்டம் பிரிந்துபோய் வீட்டுக்குள்ளேயே நாலைந்து இடத்தில் புதிதாகக் குடியேறிவிடும். ஒரு வரிசை இருந்த இடத்தில் நாலு வரிசை ஆகிவிடும்.

இறுக்கி மூடுகிறேன் என்கிறீர்கள் இல்லையா, அங்கேதான் எனக்குச் சந்தேகம். திருகு மூடி ஜாடியின் கழுத்தில் மரை சுற்றிச் சுற்றி மேலே போகிறதே, அது எறும்புக்குச் சுழல் படிக்கட்டு மாதிரி. மூடிக்குள் ரப்பர் வளையமோ மெத்தென்ற அட்டையோ ஜாடி விளிம்பில் நன்றாகப் பதியாவிட்டால், நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் எறும்பு அந்தப் படியில் ஏறி உள்ளே இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, காலி ஜாடியில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடி, ஒரு செய்தித்தாள் மேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பத்து நிமிடம் விடுவதுதான். தாள் நனைந்தால் அந்த ஜாடி சர்க்கரைக்கோ வெல்லத்துக்கோ ஆகாது, பருப்பு போட வைத்துக்கொள்ளுங்கள். நனையவில்லை என்றால் ஒரு நாள் முழுக்கக் காயவைத்துவிட்டுச் சர்க்கரையை நிரப்புங்கள். அப்புறம் ஒன்று, நல்ல ஜாடியிலும் விளிம்பில் இரண்டு சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தால் ரப்பர் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும், சிற்றெறும்புக்கு அந்த இடுக்கே போதும். ஆகவே மூடுவதற்கு முன் விளிம்பை உலர்ந்த துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள்.

தேன் பாட்டிலில் கதை வேறு. எறும்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் தேனுக்காக வருவதே இல்லை, ஊற்றும்போது வெளியே வழிந்து மரையிலும் பாட்டிலின் அடியிலும் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பதற்காக வருகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் தேன் இன்னும் பரவத்தான் செய்யும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுத்து, மரை, மூடியின் உட்புறம், பாட்டிலின் அடி எல்லாம் துடைத்து, ஈரம் போனதும் மூடுங்கள். வெல்லம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும் பொருள். காகிதத்தில் சுற்றி டப்பாவில் போட்டிருந்தால் பாகு காகிதத்தில் ஊறி, டப்பா ஓரம் வரைக்கும் வந்துவிடும். வெல்லத்தை உடைத்து, தண்ணீர்ச் சோதனையில் தேறிய ஜாடியில் போடுங்கள். ஈரக் கை, ஈரக் கரண்டி கூடவே கூடாது.

சரி, இப்போது உங்கள் தண்ணீர்த் தட்டுக்கு வருவோம். நல்ல யோசனைதான், ஆனால் வெறும் தண்ணீரின் மேல் சின்ன எறும்பு முழுகாமல் மிதக்கும். தூசி படிந்திருந்தால் அதன் மேல் நடந்தே கரை ஏறிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டால் தண்ணீரின் மேல்பரப்புத் தளர்ந்து, கால் வைத்த எறும்பு உள்ளே போய்விடும். ஜாடிக்கும் தட்டு விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்காவது தண்ணீர் தெரிய வேண்டும். தகர டப்பாவை நேரே தண்ணீரில் வைக்காதீர்கள், துருப் பிடிக்கும். தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எறும்பை விரட்டிக் கொசுவை வளர்த்த கதையாகிவிடும்.

இவ்வளவும் செய்து நானே ஒருமுறை ஏமாந்தேன். சோப்புத் தண்ணீர் சரி, ஜாடி சரி, ஆனாலும் தேன் பாட்டிலைச் சுற்றி எறும்பு. ஒரு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று பார்த்தேன். தட்டுப் பக்கம் ஒன்றுகூட வரவில்லை, எல்லாம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. மேலே கொக்கியில் மாட்டியிருந்த கைத்துணியின் ஒரு முனை பாட்டில் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அதுதான் பாலம். உங்கள் ஜாடி சுவரில் சாய்ந்திருக்கிறதா, பக்கத்து டப்பாவை உரசுகிறதா, உள்ளே விட்ட கரண்டியின் காம்பு எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள்.

வரும் பாதை தெரிந்துவிட்டால் அதைச் சோப்புத் தண்ணீரால் அழுத்தித் துடையுங்கள். முன்னால் போன எறும்பு விட்ட வாசனைத் தடத்தைப் பிடித்துத்தான் மற்றவை வருகின்றன. எறும்பை மட்டும் தட்டிவிட்டால் தடம் அப்படியே இருக்கும். சர்க்கரைக்குள் கிராம்பு போடுகிறார்கள். வாசனை இருக்கும் சில நாள் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான், நான் அதை நம்புவதில்லை. எறும்புச் சாக்பீஸில் இருப்பது பூச்சிமருந்து, ஜாடி அடுக்கும் தட்டில் கோடு போடாதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் கூட்டையே குறிவைக்க வேண்டியதுதான். ஒரு கப் வெந்நீரில் அரைக் கப் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் வெங்காரம், அதாவது போராக்ஸ், கரைத்துப் பஞ்சில் நனைத்து, ஜாடிகளுக்குத் தூரமாக எறும்பு சுவரிலிருந்து வெளிப்படும் இடத்தில் வையுங்கள். வெங்காரத்தைக் கூட்டாதீர்கள். கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், கூட்டுக்கு எடுத்துப் போகாது. முதல் நாள் கூட்டம் அலைமோதும், பயப்பட வேண்டாம். கூடு அடங்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம். குழந்தையோ நாய் பூனையோ இருக்கும் வீட்டில், அவற்றுக்கு எட்டாத இடம் கிடைத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஏற்கெனவே எறும்பு ஏறிய சர்க்கரையைக் கொட்ட வேண்டாம். அகலமான தட்டில் பரப்பி வெயிலில் வைத்தால் ஓடிவிடும், மிச்சத்தைச் சலித்துக்கொள்ளலாம்.

ஊறுகாயைச் சுற்றும் பொடி ஈ பழ ஈயாக இருக்கும், புளித்த வாசனைதான் அதை இழுக்கிறது. ஜாடி வாயைச் சுற்றிப் படிந்த மசாலாவையும் எண்ணெயையும் ஒவ்வொரு முறையும் துடைத்து, வாயில் சுத்தமான துணியைக் கட்டி அதன் மேல் மூடியைப் போடுங்கள். ஊறுகாய் எண்ணெய்க்குள் முழுகியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் இரண்டு விரல் உயரம் வினிகர் விட்டு ஒரு சொட்டுச் சோப்பு சேர்த்து வையுங்கள், வாசனைக்கு வந்து விழும். முட்டை ஈயாகச் சுமார் பத்து நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரமாவது கிண்ணத்தை எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் புதிதாக விழுந்துகொண்டே இருந்தால் அவை பெருகுவது ஊறுகாயில் இல்லை. குப்பைக்கூடையின் அடியையும், சிங்க் வடிகாலையும், கூடையில் அழுகிக் கிடக்கும் பழத்தையும் பாருங்கள்.