அந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

“அண்ணே, நான் தேவகோட்டைக்காரன். திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஆறு வருடம் வெல்டிங் ஜாயின்ட்களை அல்ட்ராசோனிக் முறையில் சோதித்தேன். வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. சிங்கப்பூர் வேலை விளம்பரம் ஒன்றில் ‘ஏ.எஸ்.என்.டி. லெவல் 2 கட்டாயம்’ என்று இருக்கிறது. பழைய கம்பெனி கொடுத்த லெவல் 2 செல்லாது என்கிறார்கள். ஆறு வருட அனுபவத்தை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்வார்களா என்று ஏஜெண்டிடம் கேட்கலாமா? வாடகை, சாப்பாடு எப்படி?”

தம்பி, வாடகை, சாப்பாடு பற்றிச் சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏஜெண்டிடம் கேட்கப் போகும் கேள்வியைப் பற்றி நான் எழுதுகிறேன். 2007-ல் அதே கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டு வந்து இறங்கியவன் நான்.

“அனுபவம் போதுமா?” என்று கேட்டேன். “தாராளமாகப் போதும்” என்றார் ஏஜெண்ட். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவருக்கு அது தெரியாது. ஜூரோங் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்த மூன்றாம் நாள், வேலையைக் கொடுத்த வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்து என் சான்றிதழைக் கேட்டார். பிளாஸ்டிக் உறையோடு நீட்டினேன். மேலே இருந்த திருச்சிக் கம்பெனியின் பெயரை மட்டும் பார்த்தார்; உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று மதியமே என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். கேஸ்கெட் எண்ணும் வேலை, ஹெல்பர் சம்பளம்.

நம் ஊரில் பலருக்கும் இது புரிவதில்லை. ஏ.எஸ்.என்.டி. என்பது பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளுக்கான அமெரிக்க அமைப்பு. ஏ.எஸ்.என்.டி. லெவல் 2 என்று நாம் சொல்வதைப் பெரும்பாலும் அந்த அமைப்பு கொடுப்பதில்லை. எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற அதன் பரிந்துரையைப் பின்பற்றி, கம்பெனி தன் ஊழியருக்குத் தானே கொடுக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ‘ரிட்டன் பிராக்டிஸ்’ என்ற எழுத்து நடைமுறையை வைத்திருக்கும். அதன்படி லெவல் 3 என்ற மேல்நிலைத் தகுதி பெற்ற அதன் ஆள் பரீட்சை வைப்பார். வேலையை விட்ட நாளோடு அந்தச் சான்றிதழும் முடிந்தது. உங்களிடம் “செல்லாது” என்றவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் இதிலேயே உங்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது. கொடுப்பது கம்பெனி என்பதால், புதுக் கம்பெனியும் உங்களைச் சோதித்துக் கொடுக்கலாம். முன்பு சான்றிதழ் பெற்றதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், விலகுவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும், விலகிய ஆறு மாதத்துக்குள் மறுபடி சான்றிதழ் பெற வேண்டும். அப்படியானால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்காமல், பரீட்சை எழுதிப் பழைய நிலையையே பெறலாம் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஏஜெண்ட் “அடுத்த பேட்ச்” என்று இழுத்தடித்தால் இந்த நான்கு மாதம்தான் கரையும்.

விளம்பரத்தில் வெல்டிங் இன்ஸ்பெக்டருக்கான சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1 என்றோ, சோதனையாளருக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9712 என்றோ போட்டிருந்தால் கதை வேறு. அவற்றை வெளி அமைப்பு கொடுக்கிறது. உங்கள் அனுபவம் அங்கே பரீட்சைக்கு உட்காரத் தகுதி தரும், பரீட்சைக்கு ஈடாகாது. ரேடியோகிராஃபி என்றால் கதிரியக்க உரிமம் சட்டப்படி வேண்டும். அதில் பேரமே கிடையாது.

ஆகவே “அனுபவம் போதுமா?” என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: இந்தச் சான்றிதழைக் கேட்பது உங்கள் கம்பெனியா, அல்லது வாடிக்கையாளரின் ஒப்பந்தமா? என் பழைய சான்றிதழையும் அனுபவத்தையும் வைத்து உங்கள் லெவல் 3 என்னைப் பரீட்சைக்கு ஏற்பாரா? பரீட்சை விமானம் ஏறுவதற்கு முன்பா, வந்த பிறகா? அதுவரை என்ன சம்பளம்? தவறினால் திரும்பும் டிக்கெட் யார் செலவு? இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். ஏஜெண்டுக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். அப்போது அவர் கம்பெனியிடம் கேட்டாக வேண்டும், நமக்கும் அதுதான் வேண்டும். தொலைபேசியில் வரும் “பார்த்துக்கொள்ளலாம்” பதிலாகாது. ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாமல் கம்பெனியாலும் தளர்த்த முடியாது.

மின்னஞ்சலோடு ஒரு தாள் வைக்க வேண்டும். “ஆறு வருட அனுபவம்” என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். மணிக்கணக்கு எழுதுங்கள். அல்ட்ராசோனிக் லெவல் 2-க்கு அந்தப் பரிந்துரை கேட்பது அதே முறையில் 630 மணி நேரம். ஆறு வருடத்தில் நீங்கள் அதைப் பல மடங்கு தாண்டியிருப்பீர்கள்; ஆனால் பழைய கம்பெனியின் லெட்டர்பேடில், அங்குள்ள லெவல் 3 கையெழுத்தோடு இருந்தால்தான் அது கணக்கு. எந்தத் தடிமன் தகடு, பட் ஜாயின்டா நாசில் ஜாயின்டா, 45, 60, 70 டிகிரி புரோப்களில் எதையெல்லாம் பிடித்தீர்கள் என்று இரண்டு வரி இருக்கட்டும். கண் பரிசோதனைச் சீட்டும் வேண்டும். அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் என்பதை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள்.

பரீட்சையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மூன்று வாரம் கேஸ்கெட் எண்ணிய பிறகு எனக்கு வைத்தார்கள். பொதுத் தாளில் 84, செய்முறையில் 90. தகட்டுக்குள் மறைந்திருந்த ஃப்யூஷன் குறையை அரை மணியில் பிடித்துவிட்டேன். ‘ஸ்பெசிஃபிக்’ எனப்படும் தாளில் மட்டும் 68. அது அந்தக் கம்பெனியின் நடைமுறையையும் அவர்கள் பின்பற்றும் தொழில்நுட்ப விதித் தொகுப்பையும் பற்றியது. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சராசரி 80 வேண்டும், எனக்கு அது வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் 70 வேண்டும். தோல்வி. அடுத்த முயற்சிக்கு 30 நாள். அந்த 30 நாளும் ஸ்டோர்தான். கையால் செய்யத் தெரிந்தவனுக்குக் காகிதம் எதற்கு என்ற திமிர் அந்த மாதத்தில் போனது. அந்த நடைமுறைப் பிரதியை முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கம்பெனி அனுப்பும்.

“காசு கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும், வந்து சேர், அப்புறம் பார்க்கலாம்” என்று இங்கிருந்தே அறிவுரை சொல்லும் அண்ணன்மார் உண்டு. அவர்களில் சிலருக்கு இன்றும் ஸ்கிரீனில் எக்கோவைப் படிக்கத் தெரியாது. ஊருக்கு வந்தால் மட்டும் கழுத்துச் சங்கிலி பேசும். லெவல் 3 ஒருவர் உங்கள் மணிக்கணக்கைச் சரிபார்க்க எடுத்துக்கொள்வது ஒரு தொலைபேசி அழைப்பு.

என் ஐயா பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர். அந்தக் காலத்தில் வட்டிக் கடையில் சான்றிதழ் ஏது? பெட்டியடிப் பையன், அடுத்தாள், பிறகு மேலாள் என்று வருடக் கணக்கில் ஏற வேண்டியதுதான். ஆனாலும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுமுன் சம்பளச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார். மூன்று வருடம், இன்ன சம்பளம், நடுவில் திரும்பினால் கப்பல் செலவு யார் தலையில் என்பதுவரை அதில் இருந்தது. ஆயா அதைக் காதோலைப் பெட்டியில் வைத்திருந்தாள். சிறு வயதில் நான் அதில் கப்பல் செய்யப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன்.