வீடியோ காலில் பேச்சு முட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேள்வி: வீடியோ காலில் நானும் எதிரே இருப்பவரும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறோம். கேமராவைப் பார்ப்பதா, முகத்தைப் பார்ப்பதா என்றும் தெரியவில்லை. எப்படிப் பழகுவது?

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் கொச்சியில் இருக்கும் மேலாளர் சேச்சியோடு வீடியோ கால். முதல் இரண்டு மாதம் முட்டிக்கொள்ளாத நாளே இல்லை. அவர் என்னைப் பேசவிடுவதில்லை என்று நான் நினைத்தேன். என்னைப் பற்றி அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார்.

ஒருநாள் தாமதத்தை அளந்து பார்த்தோம். நான் ஒன்று, அவர் இரண்டு, நான் மூன்று என்று மாறி மாறிப் பத்து வரை விரைவாக எண்ணினோம். நேரில் எண்ணியபோது 6 விநாடி ஆனது. காலில் 10 விநாடி. கூடுதலான 4 விநாடியைப் பத்தால் வகுத்தால், ஒரு சொல் போய்ச் சேர ஏறக்குறைய 0.4 விநாடி. 0.15 விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் உறுத்தாது.

இதில் நடப்பது என்னவென்றால், நான் கேள்வியை முடித்தது அவருக்கு 0.4 விநாடி கழித்துத்தான் தெரியும். அவர் உடனே பதிலைத் தொடங்கினாலும் அது என்னிடம் வர இன்னொரு 0.4. ஆக எனக்கு முக்கால் விநாடிக்கு மேல் மௌனம். நேர்ப்பேச்சில் கால் விநாடி இடைவெளிக்குப் பழகிய காது அதைப் 'பதில் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. நான் மறுபடி ஆரம்பிக்கிறேன், அந்த நேரம் பார்த்து அவர் குரல் வந்து விழுகிறது.

புளூடூத் ஹெட்செட்டை விட்டு ஒயர் இயர்போனுக்கு மாறினேன், மொபைல் ஹாட்ஸ்பாட்டை விட்டு வீட்டு ஃபைபர் இணைப்புக்கு வந்தேன். எண்ணிக்கை 8 விநாடிக்கு இறங்கியது. மீதியைப் பழக்கத்தால்தான் சமாளிக்க வேண்டும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணும் வரை வாய் திறப்பதில்லை. அவர் பேசும்போது 'ம்ம், சரி' என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுகிறேன். எதிரொலியைத் தடுக்கும் மென்பொருள் அந்தச் சின்ன 'ம்ம்'முக்கே அவர் குரலைத் தணித்துவிடுவது உண்டு. பாதி வார்த்தை விழுங்கப்படுவது அதனால்தான்.

சரி, கண்ணுக்கு வருவோம். நேரில் பேச்சை முடிக்கும்போது எதிராளியைப் பார்ப்போம், அவரும் தன் முறை என்று புரிந்துகொள்வார். லேப்டாப்பை நாலைந்து புத்தகத்தின் மேல் வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அவர் முகம் தெரியும் கட்டத்தைச் சின்னதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்துங்கள். கேட்கும்போது முகத்தைப் பாருங்கள், கேள்வியை முடிக்கும் அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் கேமராவைப் பாருங்கள்.

நாலு பேர் இருக்கும் காலில் இது உதவாது, எல்லாருக்குமே தன்னைப் பார்ப்பதாகத்தான் தோன்றும். அங்கே பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முட்டும். நான் "சொல்லுங்க சேச்சி" என்பேன், அதே நொடி அவர் "பறயூ" என்பார், திரும்பவும் மோதல். அதனால், முட்டினால் கேள்வி கேட்டவர் நிறுத்திக்கொள்வது, பதில் சொல்பவர் தொடர்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம்.