ஜாம் கணிதத்துக்கு ஐகன் மதிப்புகளை எப்படிப் படிப்பது?

“வணக்கம் அக்கா. பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. ஐஐடி ஜாம் எழுதப் போகிறேன். ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கச் சொன்னால் போட்டுவிடுவேன். ஆனால் பழைய வினாத்தாள்களில் பாதிக் கேள்விகளில் மேட்ரிக்ஸே கொடுப்பதில்லை. கொடுத்தாலும் நேரம் போதவில்லை. இந்தப் பகுதியை எப்படித் தயார் செய்வது?”

தம்பி, கல்லூரித் தேர்வில் det(A − λI) = 0 என்று எழுதி, விரித்து, மூலங்களைக் கண்டால் முழு மதிப்பெண். ஜாமில் மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள். 4 × 4 மேட்ரிக்ஸை விரிக்க உட்கார்ந்தால் ஒரே கேள்வி பத்து நிமிடத்தை விழுங்கிவிடும். அங்கே அவர்கள் பார்ப்பது வேறு: விரிக்காமலே ஐகன் மதிப்பைச் சொல்ல முடிகிறதா என்று. அதற்கு நீ முதலில் கையில் எடுக்க வேண்டியது ரேங்க்.

λ என்பது A-யின் ஐகன் மதிப்பு என்றால், A − λI-யின் நல்லிட்டி பூஜ்யம் இல்லை என்று பொருள். அந்த நல்லிட்டிதான் λ-வுக்கு உரிய ஐகன் வெக்டர்களின் வெளிக்குப் பரிமாணம், அதாவது ஜியோமெட்ரிக் மல்டிபிளிசிட்டி. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் பார். மூலைவிட்டத்தில் எல்லாம் 5, மற்ற இடமெல்லாம் 2 என்று ஒரு 4 × 4 மேட்ரிக்ஸ்:

```
5 2 2 2
2 5 2 2
2 2 5 2
2 2 2 5
```

A − 3I எழுதினால் எல்லா இடத்திலும் 2. ரேங்க் 1, நல்லிட்டி 3. ஆக 3 என்ற ஐகன் மதிப்பு குறைந்தது மூன்று முறை வரும். டிரேஸ் 20, மூன்று 3-கள் போக மீதி 11. நான்காவது ஐகன் மதிப்பு அதுதான். ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையும் 11 என்பதால் (1, 1, 1, 1) அதற்கு ஐகன் வெக்டர் என்பதும் தெரிந்துவிடுகிறது. டிட்டர்மினன்ட் 27 × 11 = 297. அரை நிமிட வேலை.

இங்கேதான் ஒரு வழுக்கல் இருக்கிறது. ரேங்க் 1 என்றவுடன் ‘பூஜ்யமல்லாத ஐகன் மதிப்பு ஒன்று இருக்கும்’ என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இதைப் பார்:

```
 1  1  1
 1  1  1
-2 -2 -2
```

ரேங்க் 1, ஆனால் டிரேஸ் 0. எனவே மூன்று ஐகன் மதிப்புகளும் 0. ஐகன் வெக்டர் வெளியின் பரிமாணமோ 2-தான், ஆகவே இது டயகனலைஸ் ஆகாது. A²-ஐப் பெருக்கிப் பார்த்தால் பூஜ்ய மேட்ரிக்ஸ் வரும். ரேங்க் 1 கேள்வியில் அடுத்த பார்வை டிரேஸின் மேல் போக வேண்டும்: அது பூஜ்யமில்லை என்றால் அந்த டிரேஸே மிஞ்சிய ஐகன் மதிப்பு, டயகனலைஸும் ஆகும், பூஜ்யம் என்றால் ஆகாது.

டயகனலைஸ் ஆகுமா என்ற கேள்வி முழுக்க இந்த நல்லிட்டியில்தான் நிற்கிறது. எண்களுக்குப் பதில் a, b, c போட்டுக் கேட்டால் பயப்படாதே:

```
1 a b
0 1 c
0 0 2
```

ஐகன் மதிப்புகள் 1, 1, 2. ஒரு முறை மட்டும் வரும் 2-ஐப் பற்றிக் கவலை இல்லை; அதன் நல்லிட்டி எப்போதும் 1. திரும்ப வரும் 1-ஐ மட்டும் சோதி. A − I-யின் வரிசைகள் (0, a, b), (0, 0, c), (0, 0, 1). நல்லிட்டி 2 வேண்டுமென்றால் ரேங்க் 1 ஆக வேண்டும்; அதற்கு a = 0 போதும், அதுவே கட்டாயமும். b, c என்னவாக இருந்தாலும் பாதிப்பில்லை. ‘a = b = c = 0 என்றால் மட்டுமே’ என்று ஒரு விடை இருந்தால் அது பொறி.

இப்போது மேட்ரிக்ஸே கொடுக்காத கேள்விகளுக்கு வருவோம். அங்கே A நிறைவு செய்யும் ஒரு சமன்பாடு கொடுத்திருப்பார்கள். உதாரணமாக: A ஒரு 5 × 5 மெய் மேட்ரிக்ஸ், A³ = A, ரேங்க் 3, டிரேஸ் 1. det(A + 2I) எவ்வளவு?

ஒவ்வொரு ஐகன் மதிப்பும் λ³ = λ-வை நிறைவு செய்ய வேண்டும்; எனவே 0, 1, −1 இவற்றுக்குள்தான் இருக்கும். x³ − x-க்கு மூன்று மூலங்களும் வெவ்வேறு, மூன்றும் மெய்யெண்கள் என்பதால் A டயகனலைஸ் ஆகும். ஆகவே பூஜ்யமல்லாத ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கையும் ரேங்கும் ஒன்று. (டயகனலைஸ் ஆகும் என்று உறுதி செய்யாமல் இந்த அடியை எடுத்து வைக்காதே, மேலே பார்த்த 3 × 3 மேட்ரிக்ஸில் இது பொய்யாகிறது.) 1 என்பது p முறை, −1 என்பது q முறை என்றால் p + q = 3, p − q = 1. எனவே p = 2, q = 1, 0 இரண்டு முறை. A + 2I-யின் ஐகன் மதிப்புகள் 3, 3, 1, 2, 2. விடை 36.

இதே வகையில் இரண்டு இடங்களில் மதிப்பெண் போகும். சமன்பாட்டின் மூலங்கள் எல்லாமே ஐகன் மதிப்பாக வந்தாக வேண்டும் என்று நினைப்பது ஒன்று; பூஜ்ய மேட்ரிக்ஸும் A³ = A-வை நிறைவு செய்கிறதே! இன்னொன்று, எந்த எண்களின் மேல் டயகனலைஸ் செய்யச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விடுவது. A³ = I, A ≠ I என்ற 3 × 3 மெய் மேட்ரிக்ஸ் கலப்பெண்கள் மேல் டயகனலைஸ் ஆகும், மெய்யெண்கள் மேல் ஆகாது. பல விடைகள் சரியாக இருக்கும் எம்.எஸ்.க்யூ. பகுதியில் பகுதி மதிப்பெண் கிடையாது. அதனால் ஒவ்வொரு விடையையும் பூஜ்ய மேட்ரிக்ஸ், I, ஒரு ரேங்க் 1 மேட்ரிக்ஸ் ஆகியவற்றில் கேள்வியின் நிபந்தனைக்குப் பொருந்துவதை வைத்து உடைக்கப் பார்.

கணக்குப் போடும்போது நடக்கும் பிழைகளில் மிகப் பெரியது, முதலில் A-யை வரிசைச் செயல்களால் சுருக்கிவிட்டு, மூலைவிட்டத்தைப் பார்த்து ஐகன் மதிப்பு எழுதுவது. எல்லாம் 1 ஆன 2 × 2 மேட்ரிக்ஸின் ஐகன் மதிப்புகள் 0, 2. இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசையைக் கழித்தால் அவை 0, 1 ஆகிவிடும். வரிசைச் செயல் ரேங்கைக் காப்பாற்றும், ஐகன் மதிப்பைக் காப்பாற்றாது. A − λI-யில் ஒரு குறிப்பிட்ட λ-வைப் போட்ட பிறகு சுருக்கு; அங்கே உனக்கு வேண்டியது ரேங்க் மட்டும்தான்.

பயிற்சிக்கு ஒரு முறை: பழைய ஜாம் தாள்களிலிருந்து இந்தப் பகுதிக் கேள்விகளை மட்டும் பிரித்தெடு. ஒவ்வொன்றையும் முதலில் det(A − λI) எழுதாமல் முயன்று பார். மூன்று நிமிடத்தில் வழி பிடிபடவில்லை என்றால் விரித்துப் போட்டுவிட்டு, ரேங்க், டிரேஸ், வரிசைக் கூட்டுத்தொகை, சமன்பாடு இவற்றில் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வை. ஜோர்டன் வடிவத்துக்கு இப்போது நேரம் செலவிடாதே, சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

3 × 3-இல் விடையைச் சரிபார்க்க டிரேஸும் டிட்டர்மினன்ட்டும் மட்டும் போதாது. 0, 1, 5 என்றாலும் 0, 2, 4 என்றாலும் கூட்டல் 6, பெருக்கல் 0. i = 1, 2, 3 என ஒவ்வொன்றுக்கும் i-ஆம் வரிசையையும் i-ஆம் நெடுவரிசையையும் நீக்கினால் கிடைக்கும் மூன்று 2 × 2 டிட்டர்மினன்ட்களையும் கூட்டு: முதலாவதற்கு 5 வரும், இரண்டாவதற்கு 8.